மேற்கோள் குறியை மதிக்காமல் பிழைப்பது எப்படி?

உங்கள் புரோகிராமில் ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறீர்கள். ஆள் அதில் ஒரு வரி தட்டுவார். நீங்கள் அந்த வரியைத் துண்டு போட்டு, முதல் துண்டைக் கட்டளை என்றும் மீதியை அந்தக் கட்டளைக்கான ஆர்க்யுமென்ட்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். யூனிக்ஸ் ஷெல் 1971 முதல் செய்துவரும் வேலைதான். மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் நடுவில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

இவற்றை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தென்மாவட்டத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு, பழைய படங்களை ஆல்பம் ஆல்பமாக அடுக்கிவைக்க பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொடுத்தேன். மவுஸால் இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதால், கட்டளை தட்டுவதற்கு மேலே ஒரு கட்டம் வைத்தேன். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள் என்று அவருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவருக்குச் சொன்னதை என் புரோகிராமுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் முதல் நாள் தட்டிய வரி இது:

```
move "தாத்தா பாட்டி.jpg" "சதாபிஷேகம் 2019"
```

இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சுலபம். ஸ்பேஸ் கண்ட இடமெல்லாம் வெட்டுங்கள்.

```
args = line.split(' ')
```

ஒரே வரி. கிடைப்பது ஐந்து துண்டு: `move`, `"தாத்தா`, `பாட்டி.jpg"`, `"சதாபிஷேகம்`, `2019"`. எண்பது வயது வரை சேர்ந்து இருந்தவர்களை ஒரு ஸ்பேஸ் பிரித்துவிட்டது. கடைசித் துண்டுதான் ஆல்பத்தின் பெயர், நடுவில் இருப்பதெல்லாம் படங்கள் என்பது என் ஏற்பாடு. அந்தப் பெயர்களில் படம் எதுவும் இல்லாததால் புரோகிராம் சத்தமில்லாமல் தாண்டிப்போனது. இல்லாத படத்துக்குப் பிழைச் செய்தி காட்டாதீர்கள் என்பதும் என் யோசனைகளில் ஒன்று. திரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள். ஆனால் ஆல்பத்தை மட்டும் புரோகிராம் பொறுப்பாகப் புதிதாக உருவாக்கிவிட்டது. மறுநாள் காலையில் போன்.

"தம்பி, தாத்தா பாட்டியக் காணோமே."

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. சதாபிஷேக ஆல்பத்துல இருக்கும்."

"அந்த ஆல்பமே இல்ல. 2019 இஞ்ச்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. அவ்வளவு பெரிய ஆல்பம் நம்மகிட்ட ஏது?"

`2019"` என்று இருந்ததை அவர் தொழில்முறையில் படித்திருக்கிறார். அவர் உலகத்தில் எண்ணுக்குப் பின்னால் இரட்டைக் கோடு வந்தால் அது அங்குலம்தான். வெட்டு தவறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. துண்டின் ஓரத்தில் ஜோடியில்லாத மேற்கோள் குறி தொங்கினால், வெட்டியவர் அதை எழுத்தாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். (விண்டோஸ் கோப்புப் பெயரில் `"` வைக்கவே விடாது. என் ஆல்பங்கள் டேட்டாபேஸில் வெறும் வரிகளாக இருந்ததால் தடுக்க ஆளில்லாமல் போயிற்று.)

இது உங்கள் ஒருவருடைய சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் ஜாவாவைக் காட்டுங்கள். அதில் `Runtime.exec` என்ற அழைப்புக்கு ஒரே சரமாகக் கட்டளையைக் கொடுத்தால், மேற்கோளைக் கண்டுகொள்ளாமல் இடைவெளியில் வெட்டிப்போடும். அந்த வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது ஜாவா 18-இல், 2022-ஆம் வருஷம்தான்.

சரி, தொங்கும் குறி அசிங்கமாக இருக்கிறது. அடுத்த யோசனை: அசிங்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

```
args = [a.strip('"') for a in line.split(' ')]
```

நோய் அப்படியே இருக்கிறது, அறிகுறி மட்டும் போய்விட்டது. இப்போது துண்டுகள் `move`, `தாத்தா`, `பாட்டி.jpg`, `சதாபிஷேகம்`, `2019`. பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன! ஸ்டுடியோவில் `பாட்டி.jpg` என்று உண்மையிலேயே ஒரு படம் இருந்தது. வேறு வீட்டுப் பாட்டி. அவர் 2019 என்ற ஆல்பத்துக்குக் குடிபோனார். முதல் வெட்டில் எந்தப் படமும் நகராமல் போனது. இந்த வெட்டில் யாரும் கேட்காத ஒன்று நடந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை உணர, கட்டளை `move` என்பதற்குப் பதிலாக `delete` என்று நினைத்துப்பாருங்கள்.

அப்படி நினைத்துப்பார்க்க வேண்டிய நிலைமை பெரிய இடங்களிலும் வந்திருக்கிறது. 2001 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 2.0-இன் நிறுவி ஸ்கிரிப்ட், பழைய பதிப்பை அழிக்கும் வரியில் டிஸ்க்கின் பாதையை மேற்கோளுக்குள் போடவில்லை. டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்குப் பாதை பாதியில் அறுந்து, அறுந்த பாதி சுட்டிய இடத்தில் இருந்ததெல்லாம் அழிந்தது. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவியில் `/usr` என்பதற்குப் பின்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. ஒரு பாதையாக இருக்க வேண்டியது இரண்டாகி, `rm -rf` முதல் துண்டை வாங்கிக்கொண்டு `/usr` முழுவதையும் துடைத்தது. நான் பிரித்தது ஒரு தாத்தா பாட்டியை மட்டும்தான்.

இந்த நிலையில் அனுபவசாலிகள் ரெகெக்ஸுக்குப் போவார்கள். நீங்களும் போங்கள்.

```
re.findall(r'"[^"]*"|\S+', line)
```

"மேற்கோளில் தொடங்கி மேற்கோளில் முடிவது ஒரு துண்டு, இல்லையென்றால் இடைவெளி வரும்வரை ஒரு துண்டு." கேட்க நியாயமாக இருக்கிறது. தாத்தா பாட்டி சேர்ந்துவிட்டார்கள், குறியை உரித்துவிட்டால் ஆல்பம் பெயரும் சரி. நான் இதோடு இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு படத்துக்குத் தலைப்பு வைக்கும் வசதியைச் சேர்த்தேன்:

```
add தாத்தா.jpg --title="எண்பது நிறைவு"
```

இங்கே மேற்கோள் குறி துண்டின் தொடக்கத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. ரெகெக்ஸ் `-` என்ற எழுத்தில் நின்று பார்க்கும்போது முதல் வழி பொருந்தாது. இரண்டாவது வழியில் இடைவெளி வரும்வரை விழுங்கும். கிடைப்பது `--title="எண்பது` என்று ஒன்று, `நிறைவு"` என்று ஒன்று. மறுபடியும் தொங்கும் குறி. இங்கிருந்து ரெகெக்ஸுக்கு ஒட்டுப்போடத் தொடங்கலாம். ஒற்றை மேற்கோளுக்கு ஒரு ஒட்டு, சமக்குறிக்கு ஒரு ஒட்டு, இரண்டு மேற்கோள் பகுதிகள் ஒட்டி நிற்பதற்கு ஒரு ஒட்டு. என்னுடையது ஒன்றரை வரி நீளத்துக்குப் போனபோது அதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

படிக்க முடிந்திருந்தாலும் தவறு அப்படியேதான் இருந்திருக்கும். காரணம், மேற்கோள் குறியை நான் வேலியாக நினைத்துக்கொண்டிருந்தேன்: இங்கே துண்டு தொடங்குகிறது, அங்கே முடிகிறது என்று காட்டும் வேலி. ஷெல்லில் அது சுவிட்ச். போட்டால் ஸ்பேஸுக்கு இருக்கும் வெட்டும் அதிகாரம் போய்விடும். அணைத்தால் திரும்பி வரும். துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் சுவிட்சுக்குச் சம்பந்தமே இல்லை. அதிகாரம் உள்ள ஸ்பேஸ் மட்டும்தான் துண்டை முடிக்கும். ஆகவே `--title="எண்பது நிறைவு"` என்பதும் `"--title=எண்பது நிறைவு"` என்பதும் `--title=எண்பது" "நிறைவு` என்பதும் ஷெல்லுக்கு ஒன்றுதான். கடைசியில் உள்ளதில் அந்த ஒரு ஸ்பேஸுக்காக மட்டும் சுவிட்சைப் போட்டு அணைத்திருக்கிறது. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் முழுக்கச் செல்லும்.

இதை ஒத்துக்கொண்டால் ரெகெக்ஸ் தேவையில்லாமல் போகிறது. வரியை எழுத்தெழுத்தாகப் படித்து, சுவிட்சின் நிலையை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்:

```
args, word, quote, started = [], '', None, False
for c in line:
    if quote:
        if c == quote: quote = None
        else: word += c
    elif c in '"\'':
        quote, started = c, True
    elif c in ' \t\n':
        if started: args.append(word)
        word, started = '', False
    else:
        word += c
        started = True
```

`--title=` வரை எழுத்துகள் `word`-இல் சேர்ந்துகொண்டே போகின்றன. `"` வருகிறது. அது `word`-இல் சேரவில்லை, `quote`-இல் உட்காருகிறது. `எண்பது` சேர்கிறது. அடுத்து ஸ்பேஸ். `quote` காலியாக இல்லாததால் அதுவும் சாதாரண எழுத்தாகச் சேர்கிறது. `நிறைவு` சேர்கிறது. மறுபடி `"`, திறந்த குறியும் இதுவும் ஒன்றே என்பதால் சுவிட்ச் அணைகிறது. துண்டு இன்னும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். வரி முடிந்த பிறகுதான் முடியும். அதற்கு லூப்புக்கு வெளியே இன்னொரு `if started: args.append(word)` வேண்டும். இதை மறக்கும்படி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகவே மறக்கும். கடைசித் துண்டு மட்டும் காணாமல் போனால் காரணம் இதுதான்.

இவ்வளவு சரியாக எழுதிய பிறகும் கெடுக்க வழி இருக்கிறது. அந்த `started` என்ற மாறி எதற்கு? `word` காலியா இல்லையா என்று பார்த்தால் போதாதா? அதைத் தூக்கிவிட்டு `if word:` என்று எழுதுங்கள். ஒரு மாறி மிச்சம். தலைப்பையும் வருஷத்தையும் மாற்றும் கட்டளை ஒன்று வைத்திருந்தேன். தலைப்பு வேண்டாம், வருஷம் மட்டும் போதும் என்று நினைத்தவர் இப்படித் தட்டினார்:

```
title தாத்தா.jpg "" 2019
```

`""` என்பது ஒன்றுமில்லாத ஒரு துண்டு. சுவிட்சைப் போட்டு உடனே அணைத்திருக்கிறார். நடுவில் எழுத்து இல்லை. `if word:` என்று பார்ப்பவருக்கு அங்கே எதுவுமே இல்லை. துண்டு விழுந்துபோகிறது, பின்னால் இருந்த 2019 ஓர் இடம் முன்னால் நகர்ந்து தலைப்பாக உட்காருகிறது, வருஷம் காலி. "ஒன்றுமில்லை" என்று சொல்வதும் எதுவும் சொல்லாமலிருப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைச் சுமப்பதுதான் `started`-இன் ஒரே வேலை. வீட்டுக்குள் எழுதும் துண்டுப் பிரிப்பான்களில் நான் பார்த்தவரை அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். கண்டுபிடிக்கவும் கஷ்டம், ஏனென்றால் யாரும் காலித் துண்டு கொடுத்துச் சோதிப்பதில்லை.

இன்னொரு நல்ல யோசனை, பயனரிடம் கருணை காட்டுவது. வரி முடியும்போது சுவிட்ச் போட்டபடியே இருந்தால், அதாவது மூடும் குறியை அவர் மறந்திருந்தால், பாவம் என்று நீங்களே மூடிவிடுங்கள். வரியின் கடைசிக் குறியை மறந்தவருக்கு இது உதவத்தான் செய்யும். நடுவில் மறந்தவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்:

```
move "அக்கா.jpg "ஆல்பம் 1"
```

முதல் குறி சுவிட்சைப் போடுகிறது. `அக்கா.jpg`-க்குப் பின்னால் வரும் குறி திறப்பதற்காக எழுதியது, ஆனால் சுவிட்சுக்கு அது அணைப்பு. இங்கிருந்து உள்ளும் வெளியும் தலைகீழ். படத்தின் பெயர் `அக்கா.jpg ஆல்பம்`, ஆல்பத்தின் பெயர் `1`. கடைசிக் குறி புதிதாகத் திறக்கிறது, நீங்கள் கருணையோடு மூடுகிறீர்கள், தவறு நடந்த தடயமே இல்லை. கருணையில்லாத ஷெல் என்ன செய்யும் தெரியுமா? டெர்மினலில் `>` என்று ஒரு குறியைக் காட்டி, இன்னும் மூடவில்லையே என்று காத்துக்கொண்டிருக்கும். பைத்தானின் `shlex.split` மூஞ்சியில் அடித்தாற்போல `ValueError: No closing quotation` என்று சொல்லிவிடும். குறிகளின் ஜோடி உடைந்த வரியில் எந்தத் துண்டையும் நம்ப முடியாது என்பதால் முழு வரியையும் மறுப்பதுதான் ஒரே வழி. லூப்புக்குப் பின்னால் `if quote:` என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த வரி எனக்கு மறுவாரமே வேலை கொடுத்தது. பக்கத்துத் தெரு டீக்கடைத் திறப்பு விழாப் படத்துக்கு ஸ்டுடியோ பையன் `Kumar's Tea.jpg` என்று பெயர் வைத்திருந்தான். மேற்கோள் இல்லாமல் தட்டினால் அந்த அபாஸ்ட்ரபி ஒற்றை மேற்கோளைத் திறந்துவிடும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் சரி. திறந்த குறியோடு அது ஒத்துப்போகாததால் வெறும் எழுத்தாகிவிடும். மேலே உள்ள நிரலில் `c == quote` என்று ஒப்பிடுவது அதற்காகத்தான். `quote`-ஐ வெறும் ஆம், இல்லை என்று வைத்திருந்தால் இரட்டையில் திறந்ததை ஒற்றை மூடிவிடும்.

பேக்ஸ்லாஷ் விஷயத்துக்கு வருவோம். இங்கே என் யோசனை, ஷெல்லின் விதியை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுவாருங்கள் என்பது. ஷெல் விதி மூன்று இடத்தில் மூன்று விதம். சுவிட்ச் அணைந்திருக்கும்போது `\` தனக்கு அடுத்த எழுத்தின் அதிகாரத்தைப் பறித்துவிட்டுத் தானும் மறையும். ஒற்றை மேற்கோளுக்குள் அது வெறும் எழுத்து. இரட்டைக்குள் `"`, `\`, `$`, பேக்டிக், வரிமுடிவு ஆகிய ஐந்துக்கு முன்னால் மட்டும் வேலை செய்யும். மற்ற இடத்தில் தானும் எழுத்தாக நிற்கும். யூனிக்ஸ் பாதைகளில் முன்சாய்கோடு இருப்பதால் அங்கே மோதல் இல்லை. ஸ்டுடியோக் கணினி விண்டோஸ். `E:\photos\new.jpg` என்று தட்டினால் கைக்கு வருவது `E:photosnew.jpg`. இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன், பிழைத்தது. பிறகு அவர் கோப்பு வேண்டாம், ஃபோல்டர் போதும் என்றார்:

```
export "E:\photos\" 2019
```

மூடுவதற்காக எழுதிய குறியை அதன் முன்னால் நிற்கும் பேக்ஸ்லாஷ் செயலிழக்கச் செய்துவிட்டது. மேற்கோள் மூடவேயில்லை. விண்டோஸின் சொந்தப் புரோகிராம்களுக்கும் இதே வியாதி உண்டு. அங்கே புதிய புரோகிராமைத் தொடங்கும்போது முழுக் கட்டளையும் ஒரே சரமாகவே போய்ச்சேரும், உள்ளே போன பிறகு அந்தந்தப் புரோகிராம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை பின்பற்றும் விதிப்படி பேக்ஸ்லாஷ் எழுத்துதான், `"`-க்கு முன்னால் வந்தால் மட்டும் விலக்கு. அந்த விலக்கில்தான் ஃபோல்டர் பெயரின் கடைசி சாய்கோடு போய் மாட்டிக்கொள்கிறது.

கொஞ்ச நேரம் கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: உங்கள் கட்டளை மொழி உங்களுடையது. விண்டோஸ் பாதைகளை வாங்கப் போகிறதென்றால் பேக்ஸ்லாஷுக்கு எந்தச் சிறப்பும் கொடுக்காதீர்கள். மேலே உள்ள நிரலில் அது இல்லாததற்குக் காரணம் மறதியில்லை. இரண்டு வகை மேற்கோளும் ஒட்டி நிற்கும் வசதியும் இருந்தால் எதையும் எழுதிவிடலாம். ஒரே தலைப்பில் அபாஸ்ட்ரபியும் இரட்டைக் குறியும் வேண்டுமென்றால் `"Kumar's "'12" x 18"'` என்று இரண்டு பகுதியை இடைவெளியில்லாமல் ஒட்டவைத்தால் ஒரே துண்டு.

அப்புறம், வெட்டுவதற்கு வேறு சாமான் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். பைத்தானில் `shlex` என்ற மாட்யூலை எரிக் ரேமண்ட் 1998 டிசம்பரிலேயே எழுதிவைத்துவிட்டார். பேக்ஸ்லாஷை அணைத்துப் பயன்படுத்துவதும் ஐந்து வரிதான்:

```
lex = shlex.shlex(line, posix=True)
lex.whitespace_split = True
lex.escape = ''
lex.commenters = ''
args = list(lex)
```

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிட்டால் `#` வந்த இடத்திலிருந்து மீதி வரியைக் குறிப்பு என்று தள்ளிவிடும். `#3` என்று படங்களுக்கு எண் போடும் வழக்கம் எந்த ஸ்டுடியோவிலும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் கையால் எழுதியதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோஷம்.

ரோஷத்தைக் குறைத்தது வாட்ஸ்அப். அடிக்கடி தட்டும் கட்டளைகளை அண்ணாச்சி போனில் எழுதிப் பையனுக்கு அனுப்புவார், பையன் அதை ஒட்டுவான். திடீரென்று மறுபடி தாத்தா பாட்டி பிரிந்தார்கள். திரையில் எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் மேற்கோள் குறி மேற்கோள் குறியாகத்தான் தெரிந்தது. கடைசியில் ஒவ்வொரு துண்டையும் தனி வரியில், இரு பக்கமும் சதுர அடைப்பு வைத்து அச்சடித்துப் பார்த்தேன். `[“தாத்தா]` என்று வந்தது. போன் கீபோர்டு நேர்க்குறியை அழகுக்காக வளைத்திருக்கிறது. வளைந்த குறி U+201C, நேர்க்குறி U+0022. ஷெல்லுக்கும் என் நிரலுக்கும் வளைந்தது வெறும் எழுத்து, சுவிட்ச் இல்லை. வேர்டில் தட்டி ஒட்டினாலும் இதேதான். ஷெல் இதை மன்னிக்காது. நான் மன்னித்தேன்: வெட்டுவதற்கு முன் வளைந்த இரட்டைக் குறிகளை நேராக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். படங்களின் பெயரிலேயே வளைந்த குறி இருந்தால் அடி வாங்குவேன். இதுவரை யாரும் வைக்கவில்லை.

சதுர அடைப்பு வித்தையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் காலித் துண்டு `[]` என்று தெரியும், ஓரத்து ஸ்பேஸ் தெரியும், ஒரு மணி நேர வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்று ஒரு தனிக் குழி உண்டு. `split()` என்று அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் அழைத்தால் பைத்தான் தனக்குத் தெரிந்த இடைவெளி எல்லாவற்றிலும் வெட்டும், U+0085 என்ற பழைய வரிமுடிவுக் குறி உட்பட. நம் `அ` யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்: E0 AE 85. யாராவது அந்தப் பைட்டுகளை லத்தீன்-1 என்று தவறாகத் திறந்துவிட்டால், கடைசி 85 இடைவெளியாகத் தெரிந்து, `அ` வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படும். `அக்கா.jpg` இரண்டாகும், `தாத்தா.jpg` ஆகாது. யூடிஎஃப்-8 என்று சரியாகத் திறந்து, ஸ்பேஸ், டேப், வரிமுடிவு மூன்றை மட்டும் இடைவெளியாக எடுத்துக்கொண்டால் இந்தக் குழி கிடையாது.

இத்தனை பாடுபட்டு வெட்டிய துண்டுகளை என்ன செய்வது? மறுபடி ஒட்டிவிடுவதுதான் இந்த வழிகாட்டியின் உச்சம். படத்தைச் சின்னதாக்க வெளிப் புரோகிராம் ஒன்றைக் கூப்பிட வேண்டியிருந்தது. நான் எழுதியது:

```
os.system('magick ' + ' '.join(args))
```

மேற்கோள்களை மரியாதையாக உரித்தெடுத்து, துண்டுகளை இடைவெளி போட்டு இணைத்து, இன்னொரு ஷெல்லிடம் கொடுத்து, நீ முதலிலிருந்து வெட்டிக்கொள் என்று சொல்வது இது. அந்த ஷெல்லுக்கு ஸ்பேஸ் மட்டுமா அதிகாரம்? `அக்கா & தம்பி.jpg` என்ற படம் வந்தது. விண்டோஸின் cmd-க்கு `&` என்றால் முதல் கட்டளை முடிந்தது, அடுத்ததை ஓட்டு என்று அர்த்தம். `magick` அக்காவைத் தேடித் தோற்றது. பிறகு cmd `தம்பி.jpg` என்பதைக் கட்டளையாக ஓட்டியது. அந்தப் பெயரில் ஒரு படம் அதே ஃபோல்டரில் இருந்தது. படத்தின் பெயரை cmd-இல் ஓட்டினால் அது படம் பார்க்கும் மென்பொருளில் திறந்துகொள்ளும்.

"தம்பி, யாரோ ஒரு பையன் ஸ்க்ரீன்ல சிரிச்சுக்கிட்டு நிக்கான். யாரு இவன்?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணாச்சி. துண்டுகளைப் பட்டியலாகவே `subprocess.run(['magick', *args])` என்று கொடுத்திருந்தால் நடுவில் ஷெல் வந்திருக்காது. யூனிக்ஸில் பட்டியல் பட்டியலாகவே மறுமுனைக்குப் போகும். விண்டோஸில் சரமாகத்தான் போக வேண்டும் என்பதால் பைத்தான் தேவையான மேற்கோள்களைத் தானே போட்டு அனுப்பும். `shlex.quote` இருக்கிறதே, அதைப் போட்டு ஒட்டலாமே என்று நினைத்தேன். அது ஒற்றை மேற்கோள் போடும். Cmd-க்கு ஒற்றை மேற்கோள் மேற்கோளே இல்லை.

எல்லாவற்றையும் திருத்திப் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு காகிதம் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அண்ணாச்சியின் கையெழுத்து: "படப் பேரில் இடம் விடக் கூடாது. அடிக்கோடு போடவும்." தாத்தா_பாட்டி.jpg என்று எல்லாவற்றையும் பெயர் மாற்றி முடித்திருந்தார்கள். இனி இடைவெளி விடலாம், மேற்கோள் எல்லாம் இப்போது சரியாக வேலை செய்கிறது என்று சொன்னேன். பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி காகிதத்தின் ஓரம் பிரிந்திருந்த இடத்தில் இன்னொரு துண்டு டேப் ஒட்டினார்.